ஆய்வக அறிக்கையின் அமைப்பும் ‘விவாதம்’ பகுதியும்: தனி ஊசலை வைத்து ஒரு மாதிரி

கேள்வி: இளங்கலை இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். ஆய்வக அறிக்கையில் எந்தப் பகுதியில் என்ன எழுத வேண்டும்? ‘விவாதம்’ பகுதிதான் பெரிய தொல்லை. தனி ஊசல் சோதனையில் g = 9.58 வந்தது. “மனிதப் பிழை, காற்றின் தடை ஆகியவற்றால் 2.3% பிழை ஏற்பட்டது” என்று எழுதினேன். “இது விவாதம் இல்லை” என்று ஒரே வரியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மாதிரி எழுதிக் காட்ட முடியுமா?

பதில்:

உங்களுக்குக் கிடைத்த அந்த ஒரு வரி சரியானதுதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்ய முடியும்? அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அமைப்பு. தலைப்பு, சுருக்கம், நோக்கம், கோட்பாடு, கருவிகளும் செய்முறையும், அளவீடுகளும் கணக்கீடும், விவாதம், முடிவுரை என்ற வரிசை ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். பெயர்கள் கொஞ்சம் மாறலாம், இரண்டு பகுதிகளை ஒன்றாகச் சேர்க்கச் சொல்லலாம். இதில் பெரும்பாலானவற்றை நீங்கள் ஏற்கெனவே சரியாகத்தான் எழுதிக்கொண்டிருப்பீர்கள். தடுமாறும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கோட்பாடு பகுதியில் பாடப்புத்தகத்தின் இரண்டு பக்கத்தை இறக்கி வைக்க வேண்டாம். பின்னால் எந்தச் சமன்பாட்டைப் பயன்படுத்தப் போகிறீர்களோ அது, அது எந்த நிபந்தனையில் செல்லும், உங்கள் வரைபடம் எப்படி வர வேண்டும் என்று அது சொல்கிறது, இந்த மூன்றும் போதும். தனி ஊசலுக்கு T² = 4π²L/g. நிபந்தனை, விலகும் கோணம் சிறியதாக இருக்க வேண்டும். L என்பது தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை உள்ள தூரம். T²-ஐ L-க்கு எதிராக வரைந்தால் ஆதிப்புள்ளி வழியாகச் செல்லும் நேர்கோடு வர வேண்டும். ‘ஆதிப்புள்ளி வழியாக’ என்ற இரண்டு சொல்லை யாருமே எழுதுவதில்லை. நம் கதையே அதில்தான் இருக்கிறது.

செய்முறைப் பகுதியில் நடக்கும் தவறு வேறு வகை. ஆய்வகக் கையேட்டில் “நூலைக் கட்டவும், குண்டை விலக்கி விடவும்” என்று இருக்கும். அது உங்களுக்கு இட்ட கட்டளை. அறிக்கையில் அதை அப்படியே எழுதினால் நீங்கள் செய்ததைச் சொன்னதாக ஆகாது. “நூலின் நீளம் தாங்கியின் கீழ் விளிம்பிலிருந்து கொக்கியில் போட்ட முடிச்சு வரை மீட்டர் அளவுகோலால் அளக்கப்பட்டது” என்று, நடந்ததை நடந்தபடி, இறந்தகாலத்தில் எழுதுங்கள். எதிலிருந்து எதுவரை அளந்தீர்கள் என்ற இந்த விவரம் சலிப்பாகத் தெரியும். ஆனால் விவாதம் எழுத உட்காரும்போது கை கொடுப்பது இதுதான்.

அப்புறம் ஒரு சொல் சிக்கல். தமிழில் ‘முடிவு’ என்ற ஒரே சொல்லை, கிடைத்த எண்ணுக்கும் சொல்கிறோம், கடைசிப் பத்திக்கும் சொல்கிறோம். அதனால் பலருக்கு இரண்டும் ஒன்றாகிப் போய் நடுவில் இருக்க வேண்டிய விவாதம் காணாமல் போய்விடுகிறது. கிடைத்த எண்ணைப் ‘பெறுபேறு’ என்றும் கடைசிப் பத்தியை ‘முடிவுரை’ என்றும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பெறுபேறு என்ன வந்தது என்று சொல்கிறது. விவாதம் அது ஏன் அப்படி வந்தது, எவ்வளவு நம்பலாம் என்று சொல்கிறது.

‘பிழை’ என்ற சொல்லும் இதே மாதிரி படுத்தும். வீட்டில் பிழை என்றால் குற்றம். அதனால் விவாதம் என்றதும் மாணவர்கள் பாவமன்னிப்புக் கேட்பதுபோல் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்: கை நடுங்கியிருக்கலாம், காற்று அடித்திருக்கலாம், கடிகாரம் சரியில்லாமல் இருந்திருக்கலாம். அளவியலில் பிழை என்பது அளவிட்ட மதிப்புக்கும் உண்மை மதிப்புக்கும் இடையிலுள்ள வித்தியாசம், அவ்வளவுதான். அதற்கு ஒரு திசை உண்டு, ஒரு அளவு உண்டு, அளவீடுகளில் அது விட்டுச்செல்லும் தடம் உண்டு. ஒரு காரணத்தைச் சொல்லும்போது இந்த மூன்றையும் சொன்னால் அது விவாதம். வெறும் பெயரை மட்டும் சொன்னால் அது பட்டியல். “மனிதப் பிழை” என்பதில் மூன்றுமே இல்லை, அதனால்தான் திரும்பி வந்தது.

சரி, எண்களுக்கு வருவோம். உங்கள் அட்டவணை என்னிடம் இல்லை. ஆனால் 9.58 என்பது எனக்குப் பழகிய எண். மாதிரிக்காக அதே சராசரி வரும் ஓர் அட்டவணையை அமைத்திருக்கிறேன். ஒவ்வொரு நீளத்திலும் 20 அலைவுகளுக்கான நேரம் மூன்று முறை எடுக்கப்பட்டு, சராசரி தரப்பட்டிருக்கிறது. கடைசி நிரல், அந்த வரிசையை மட்டும் வைத்து g = 4π²L/T² என்று கணக்கிட்டது.

| நூல் நீளம் L (மீ) | 20 அலைவுகளின் நேரம் (வி) | T² (வி²) | g (மீ/வி²) |
|---|---|---|---|
| 0.400 | 25.86 | 1.672 | 9.45 |
| 0.550 | 30.12 | 2.268 | 9.57 |
| 0.700 | 33.95 | 2.882 | 9.59 |
| 0.850 | 37.30 | 3.478 | 9.65 |
| 1.000 | 40.44 | 4.088 | 9.66 |

கடைசி நிரலின் சராசரி 9.58. 9.81-ஓடு ஒப்பிட்டால் 2.3% குறைவு. பெரும்பாலானோர் இங்கே நின்றுவிடுகிறார்கள். சராசரியை விட்டுவிட்டு அந்த நிரலை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துப் பாருங்கள். 9.45, 9.57, 9.59, 9.65, 9.66. ஏறிக்கொண்டே போகிறது, ஓரிடத்தில்கூட இறங்கவில்லை. கை தடுமாறியதால் வந்த வித்தியாசம் என்றால் மேலும் கீழுமாகச் சிதறியிருக்கும். இப்படி ஒழுங்காக ஏறாது. இது முறையான பிழையின் தடம். சராசரி எடுத்தால் முறையான பிழை போகாது. மறைந்துதான் போகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீளம் குறையக் குறைய g அதிகமாகக் கெட்டுப் போகிறது. எல்லா நீளத்திலும் ஒரே அளவு சென்டிமீட்டர் விடுபட்டுப் போயிருந்தால் இப்படித்தான் வரும். 40 செ.மீ.யில் ஒன்றரை செ.மீ. விடுபட்டால் கிட்டத்தட்ட 4% குறையும். 100 செ.மீ.யில் அதே ஒன்றரை விடுபட்டால் 1.5%தான் குறையும். இது இப்போதைக்கு ஊகம். உறுதி செய்ய வரைபடம் வேண்டும்.

T²-ஐ நிலைக்குத்து அச்சிலும் L-ஐக் கிடை அச்சிலும் வைத்து நேர்கோடு பொருத்தினால் சாய்வு 4.029 வி²/மீ, வெட்டுத்துண்டு 0.057 வி². கோட்டை ஆதிப்புள்ளி வழியாகக் கட்டாயப்படுத்தி இழுக்காதீர்கள். எக்செலில் வரைபடத்துக்கு நேர்கோடு போடும்போது வெட்டுத்துண்டைப் பூஜ்யமாக்கும் ஒரு தேர்வு இருக்கும். கோட்பாட்டின்படி பூஜ்யம்தானே வர வேண்டும் என்று அதைச் சொடுக்கிவிட்டால், இந்தச் சோதனை சொல்ல வந்த ஒரே முக்கியமான செய்தியை நீங்களே அழித்துவிடுகிறீர்கள்.

சாய்வும் வெட்டுத்துண்டும் எவ்வளவு உறுதியானவை என்பதும் தெரிய வேண்டும். நீளங்கள் A நிரலிலும் T² மதிப்புகள் B நிரலிலும் இருந்தால் இந்த வாய்ப்பாடு போதும்:

```
=LINEST(B2:B6,A2:A6,TRUE,TRUE)
```

வரும் எண்களில் முதல் வரிசையில் சாய்வும் வெட்டுத்துண்டும் இருக்கும். இரண்டாம் வரிசையில் அவற்றின் நிச்சயமின்மை இருக்கும். நம் அளவீடுகளுக்குச் சாய்வு 4.029 ± 0.010, வெட்டுத்துண்டு 0.057 ± 0.007. நிச்சயமின்மையைப்போல எட்டு மடங்கு பெரிய வெட்டுத்துண்டு தற்செயலாக வராது.

இப்போது அந்த வெட்டுத்துண்டை நீளமாக மாற்றுங்கள். உண்மையான நீளம் L + d என்றால் T² = (4π²/g)(L + d). ஆக வெட்டுத்துண்டைச் சாய்வால் வகுத்தால் d கிடைக்கும். 0.057 ÷ 4.029 = 0.014 மீ, அதாவது 1.4 செ.மீ., நிச்சயமின்மை 0.2 செ.மீ. முடிச்சு வரை மட்டும் அளந்தோம் என்று செய்முறையில் எழுதியிருக்கிறோம் அல்லவா? குண்டை எடுத்து வெர்னியரால் அளந்தால் விட்டம் 2.4 செ.மீ., அதாவது ஆரம் 1.2. கொக்கியின் உயரம் 0.3. சேர்த்தால் 1.5 செ.மீ. ஊகம் கணக்கோடு ஒத்துப்போய்விட்டது.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. d எவ்வளவாக இருந்தாலும் சாய்வு மாறாது. நீளத்தைத் தவறாக அளந்திருந்தும் சாய்விலிருந்து g = 4π²/4.029 = 9.80 ± 0.02 என்று வருகிறது. அதாவது உங்கள் அளவீடுகளுக்குள்ளேயே சரியான விடை இருந்தது. சராசரி எடுத்த முறைதான் அதைக் கெடுத்தது. பல நீளங்களில் அளந்து கோடு வரையச் சொல்வது ஏன் என்று கேட்டால் இதுதான் பதில்.

இனி மாதிரி. கீழே உள்ளது மேற்கண்ட அளவீடுகளுக்கான விவாதப் பகுதி. சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் எண்கள் வேறாக இருக்கும். ஒவ்வொரு வாக்கியமும் எந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே படியுங்கள்.

விவாதம்

T² – L வரைபடம் ஐந்து புள்ளிகளுக்கும் நேர்கோடாக அமைந்தது. கோட்டிலிருந்து புள்ளிகள் விலகும் அளவு எங்கும் 0.006 வி²-ஐத் தாண்டவில்லை, அவ்விலகல்களில் ஒழுங்கான வளைவும் காணப்படவில்லை. சாய்விலிருந்து பெறப்பட்ட புவியீர்ப்பு முடுக்கம் 9.80 ± 0.02 மீ/வி². இது வழக்கமாக எடுத்துக்கொள்ளப்படும் 9.81 மீ/வி² என்ற மதிப்போடு நிச்சயமின்மைக்குள் ஒத்துப்போகிறது.

ஆனால் கோடு ஆதிப்புள்ளி வழியாகச் செல்லவில்லை. கோட்பாட்டின்படி பூஜ்யமாக இருக்க வேண்டிய வெட்டுத்துண்டு 0.057 ± 0.007 வி² ஆக உள்ளது. இது அதன் நிச்சயமின்மையைப்போல ஏறத்தாழ எட்டு மடங்கு என்பதால் ஒழுங்கற்ற பிழையாகக் கருத இயலாது. இதை நீளமாக மாற்றினால் 1.4 ± 0.2 செ.மீ. கிடைக்கிறது. இச்சோதனையில் நூலின் நீளம் கொக்கியின் முடிச்சு வரை மட்டுமே அளக்கப்பட்டது, குண்டின் மையம் வரை அளக்கப்படவில்லை. சோதனை முடிந்த பின் அளந்ததில் குண்டின் ஆரம் 1.2 செ.மீ., கொக்கியின் உயரம் 0.3 செ.மீ. எனத் தெரிந்தது. இவற்றின் கூடுதலான 1.5 செ.மீ., வெட்டுத்துண்டிலிருந்து பெற்ற நீளத்தோடு ஒத்துப்போகிறது. எனவே வெட்டுத்துண்டுக்குக் காரணம் நீள அளவீட்டில் விடுபட்ட இப்பகுதியே எனக் கொள்ளலாம்.

ஒவ்வொரு நீளத்துக்கும் g-ஐத் தனித்தனியே கணக்கிட்டுச் சராசரி எடுத்தபோது 9.58 மீ/வி² கிடைத்ததும் இதனால்தான். தனி மதிப்புகள் நீளம் கூடக்கூட 9.45-லிருந்து 9.66 வரை ஒரே திசையில் உயர்ந்தன. எல்லா நீளங்களோடும் 1.5 செ.மீ. சேர்த்து மீண்டும் கணக்கிட்டபோது 9.80, 9.83, 9.80, 9.82, 9.80 எனக் கிடைத்தது. உயரும் போக்கு மறைந்து, சராசரி 9.81 ஆனது.

வேறு சாத்தியமான காரணங்கள் ஆராயப்பட்டன. குண்டு ஒவ்வொரு முறையும் 5°-க்குள் விலக்கப்பட்டது. இக்கோணத்தில் அலைவு நேரம் கூடுவது 0.05% மட்டுமே. அதனால் g-இல் ஏற்படும் குறைவு ஏறத்தாழ 0.01 மீ/வி². மேலும் இந்த விளைவு எல்லா நீளங்களிலும் ஒரே விகிதத்தில் இருக்குமாதலால் வெட்டுத்துண்டைத் தோற்றுவிக்காது. காற்றின் தடை அலைவின் வீச்சைக் குறைத்தாலும் அலைவு நேரத்தைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றுவதில்லை. கடிகாரத்தை இயக்குவதில் ஏற்படும் தாமதம் மூன்று அளவீடுகளுக்கிடையே ஏறத்தாழ 0.1 வி வேறுபாட்டை ஏற்படுத்தியது. புள்ளிகள் கோட்டைச் சுற்றிச் சிறிதளவு சிதறியிருப்பதற்கு இது போதுமான காரணம்.

வெட்டுத்துண்டு, நூலின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் விடுபட்ட நீளங்களின் கூடுதலையே தருகிறது, அவற்றைப் பிரித்துக் காட்டாது. தாங்கியின் விளிம்புக்கும் உண்மையான தொங்கு புள்ளிக்கும் இடையே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வேறுபாடு இருந்திருந்தாலும் இந்த அளவீடுகளால் அதைக் கண்டறிய இயலாது. g-இன் நிச்சயமின்மை பெரும்பாலும் நேர அளவீட்டிலிருந்து வருகிறது. 20-க்குப் பதிலாக 50 அலைவுகளுக்கு நேரம் எடுத்தால், கடிகாரத்தை இயக்கும் தாமதம் ஒவ்வோர் அலைவுக்கும் பங்கிடப்பட்டு, அலைவு நேரத்தில் அதனால் வரும் நிச்சயமின்மை ஏறத்தாழ பாதிக்கும் கீழே குறையும்.

மாதிரி இவ்வளவுதான். இதில் ஓரிரண்டு இடங்களை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

“சோதனை முடிந்த பின் அளந்ததில்” என்று எழுதியிருப்பது வேண்டுமென்றேதான். குண்டை முதலிலேயே அளந்ததுபோல் எழுதி, அட்டவணையின் நீளங்களையும் சத்தமில்லாமல் மாற்றிவிடலாமே என்று தோன்றும். அளந்த எண் அளந்தபடியே அட்டவணையில் இருக்க வேண்டும். திருத்தம் செய்தால் திருத்தம் என்று சொல்லித் தனியாகச் செய்ய வேண்டும். திருத்துபவருக்கும் முதலில் 9.58 வந்து பிறகு காரணம் கண்டுபிடித்த அறிக்கை, ஒரே தாவலில் 9.81-க்குப் போய் நிற்கும் அறிக்கையைவிட எவ்வளவோ மேல். ஒரே தாவலில் போனதைப் பார்த்தாலே எங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

காற்றின் தடையைப் பற்றி ஒரு வார்த்தை. நான் திருத்திய ஊசல் அறிக்கைகளில் பாதிக்கு மேல் இது இருக்கும். குண்டு மெல்ல மெல்லக் குறைவாக ஆடுவது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் குற்றவாளி அதுதான் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் நாம் அளப்பது நேரத்தை, வீச்சை அல்ல. கனமான உலோகக் குண்டு சிறிய கோணத்தில் ஆடும்போது வீச்சு குறைந்துகொண்டே வந்தாலும் ஓர் அலைவுக்கு ஆகும் நேரம் அநேகமாக அப்படியே இருக்கும். எது கண்ணில் படுகிறது என்பதைவிட, அது நீங்கள் அளக்கும் அளவைத் தொடுகிறதா என்பதுதான் கேள்வி.

கோணத்தைப் பற்றிய வாக்கியத்தில் ஒரு பொறி இருக்கிறது. “எல்லா நீளங்களிலும் ஒரே விகிதத்தில்” என்பது, கோணம் ஒன்றாக இருந்தால்தான் உண்மை. நீங்கள் கோணமானியே இல்லாமல், எல்லா நீளத்திலும் குண்டைப் பக்கவாட்டில் 10 செ.மீ. இழுத்து விட்டிருந்தால் என்ன ஆகும்? 100 செ.மீ. ஊசலில் அது 6°-க்கும் குறைவு. 40 செ.மீ. ஊசலில் 14°-க்கு மேல். அப்போது குட்டை ஊசலில்தான் g அதிகமாகக் குறையும், அதாவது நம் அட்டவணையில் பார்த்த அதே திசையில். அளவைப் பார்த்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும்: 14.5°-இல் g ஏறத்தாழ 0.8% குறையும், நம் அட்டவணையிலோ 40 செ.மீ.யில் குறைவு கிட்டத்தட்ட 4%. திசை ஒன்றாக இருந்தும் அளவு போதவில்லை. திசையோடு அளவையும் கேட்பது எதற்கு என்று இதில் தெரியும்.

இன்னொரு வழக்கமான கோளாறு, எண்ணுவதில் வருவது. குண்டை விடும்போதே “ஒன்று” என்று சொல்லிக் கடிகாரத்தைத் தொடங்கினால், “இருபது” என்று சொல்லும்போது 19 அலைவுகள்தான் முடிந்திருக்கும். அலைவு நேரம் 5% குறைவாகத் தெரியும், g கிட்டத்தட்ட 11% கூடி 10.9 பக்கம் வந்து நிற்கும். இது எல்லா நீளத்திலும் ஒரே விகிதத்தில் வருவதால் கடைசி நிரல் ஏறாது, இறங்காது, மொத்தமாக உயரத்தில் உட்கார்ந்திருக்கும். கோடு ஆதிப்புள்ளி வழியாகவே போகும், சாய்வுதான் தவறாக இருக்கும். ஆக நீளத்தில் கோளாறு என்றால் வெட்டுத்துண்டில் தெரியும், நேரத்தில் இப்படிப்பட்ட கோளாறு என்றால் சாய்வில் தெரியும். உங்கள் அட்டவணையை எடுத்து முதலில் இந்த இரண்டில் எது என்று பாருங்கள்.

ஒப்பிடும் மதிப்பிலும் கவனம் வேண்டும். g பூமியெங்கும் ஒன்றல்ல. கடல்மட்டத்தில் நிலநடுக்கோட்டருகே 9.78, துருவங்களருகே 9.83. உங்கள் நிச்சயமின்மை 0.02 அளவுக்குக் குறைந்துவிட்டால் 9.81 என்று கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. நீங்கள் இருக்கும் அட்சரேகைக்குரிய மதிப்பைத் தேடிப் போடுங்கள். மாதிரியில் “வழக்கமாக எடுத்துக்கொள்ளப்படும்” என்று எழுதி நான் தப்பித்துக்கொண்டேன். அதோடு, 2.3% என்ற பிழைச் சதவீதம் தனியாக நின்றால் ஒன்றும் சொல்லாது. வித்தியாசம் நிச்சயமின்மைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதுதான் பொருள். நிச்சயமின்மை 0.3 என்றால் 9.58 நல்ல விடை. அது 0.04 என்றால் 9.58 எங்கோ கோளாறு என்று கத்துகிறது. நம் அட்டவணையில் அந்த ஐந்து மதிப்புகளின் சராசரிக்கு வருவது 0.04தான்.

விவாதம் இப்படி அமைந்துவிட்டால் முடிவுரையும் சுருக்கமும் தானாக வந்துவிடும். முடிவுரையில் புதிதாக எதுவும் சொல்லக் கூடாது. இரண்டு வாக்கியம் போதும்: g-இன் மதிப்பு நிச்சயமின்மையோடு ஒன்று, வெட்டுத்துண்டும் அதன் காரணமும் ஒன்று. சுருக்கம் பக்கத்தில் முதலில் இருந்தாலும் எழுதுவது கடைசியில்தான். “தனி ஊசலின் அலைவு நேரம் 0.4 முதல் 1.0 மீ வரை ஐந்து நீளங்களில் அளக்கப்பட்டது. T² – L கோட்டின் சாய்விலிருந்து g = 9.80 ± 0.02 மீ/வி² எனக் கிடைத்தது. வெட்டுத்துண்டு, குண்டின் மையம் வரை அளக்காததால் விடுபட்ட 1.4 செ.மீ. நீளத்தைக் காட்டியது.” இவ்வளவுதான். நான் எழுதும் வரிசை இது: முதலில் அட்டவணையும் வரைபடமும், பிறகு விவாதம், பிறகு அந்த விவாதத்துக்கு எந்தச் சமன்பாடும் எந்தச் செய்முறை விவரமும் தேவைப்பட்டனவோ அவை இருக்கும்படி கோட்பாடும் செய்முறையும், கடைசியில் சுருக்கம்.

உங்கள் அறிக்கைக்குத் திரும்பினால், கோட்டை வரைந்து வெட்டுத்துண்டைப் பாருங்கள். நேர்க்குறியாக வந்தால் ஆய்வகத்துக்குப் போய் நீங்கள் பயன்படுத்திய அதே குண்டைக் கேட்டு அளந்துவிடுங்கள். குண்டு கிடைக்காவிட்டால், “வெட்டுத்துண்டு இத்தனை செ.மீ. நீளம் விடுபட்டதைக் காட்டுகிறது, நூல் முடிச்சு வரை மட்டுமே அளக்கப்பட்டதோடு இது பொருந்துகிறது, குண்டின் அளவு குறிக்கப்படாததால் உறுதிசெய்ய இயலவில்லை” என்று எழுதுங்கள். வெட்டுத்துண்டு எதிர்க்குறியாக வந்தால் நீளத்தை அதிகமாக அளந்திருக்கிறீர்கள். அநேகமாகக் குண்டின் அடிவரை. அப்போது g நிரல் மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டு வரும், சராசரியும் 9.81-ஐவிடக் கூடுதலாக இருக்கும். உங்களுக்கு 9.58 என்பதால் அது இருக்காது.